‘கவனக்குறைவு’ என்று எழுதிய கட்டம்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆடிட் நிறுவனத்தில் இன்டர்னல் ஆடிட் பார்க்கிறேன். ஒரே குறை வருஷா வருஷம் ரிப்போர்ட்டில் வருகிறது. காரணம் என்ற கட்டத்தில் ‘ஊழியரின் கவனக்குறைவு’, பரிந்துரையில் ‘பயிற்சி தரவும்’. இந்த முறை ஆடிட் கமிட்டியில் ஒருவர், “போன வருஷமும் இதைத்தானே எழுதினீர்கள்?” என்று கேட்டுவிட்டார். ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுப் பார்த்தேன். மூன்றாவதிலேயே ‘ஆள் பற்றாக்குறை’, ‘மேலிடம் கண்டுகொள்வதில்லை’ என்று முட்டி நிற்கிறது. பிராசஸ் மேப் வரைந்தால், வேலை நடைமுறையை எழுதிவைத்திருக்கும் எஸ்.ஓ.பி.யையே படமாகப் போட்ட மாதிரி இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

கோவைப் பக்கத்தில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் நானும் இதே இடத்தில் முட்டி நின்றிருக்கிறேன். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது. ஒரு வருஷத்தில் 11 பில், சுமார் 6.8 லட்சம் ரூபாய். முந்தைய ரிப்போர்ட்டிலும் இதே குறை, இதே கவனக்குறைவு. சொன்னபடி பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் ஆட்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட வருகைத்தாள் ஃபைலில் பத்திரமாக இருந்தது.

இந்த முறை ‘ஏன்’ கேட்பதைத் தள்ளிவைத்துவிட்டு, இந்தத் தவறு எங்கே நடக்கவில்லை என்று பார்த்தேன். வார்ப்படம், செம்புக் கம்பி, பேரிங் என்று பொருள் வாங்கிய பில்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இரட்டிப்பாகவில்லை. பதினொன்றும் வேலைக்கான பில்கள்: மோட்டார் ரீவைண்டிங், கிரேன் வாடகை, கூரைத் தகடு மாற்றியது. இரண்டு வகையையும் கணினியில் ஏற்றுபவர்கள் அதே இருவர்தான். பேரிங் பில்லில் கவனமாக இருக்கும் மனிதர் கிரேன் பில்லில் மட்டும் அசந்துபோவாரா? அந்த மதியமே கவனக்குறைவு என்ற விளக்கம் செத்துப்போயிற்று.

அடுத்தது மேப். எஸ்.ஓ.பி.யை மூடிவைத்துவிட்டு, இரட்டிப்பான ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு அது போன வழியில் நடந்தேன். ஒரு பெரிய தாளில் கேட், பராமரிப்புப் பிரிவு, பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் என்று நான்கு பத்திகள். பில் எந்தத் தேதியில் எந்தப் பத்திக்குள் வந்தது, எப்போது வெளியேறியது என்பதை மட்டும் குறித்தேன். தேதிகளை யாருடைய ஞாபகத்திலிருந்தும் எடுக்கவில்லை. கேட்டின் இன்வர்டு ரெஜிஸ்டர், கையெழுத்தின் கீழ் இருந்த தேதி, மெயில் நேரம், வவுச்சர் ஆகியவற்றிலிருந்து எடுத்தேன். நீங்கள் விட்டது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எஸ்.ஓ.பி.யில் தேதி கிடையாது. அதனால் ஒரு காகிதம் எங்கே படுத்துக் கிடந்தது என்பது அதில் தெரியவே தெரியாது.

தாளில் பார்த்தால் ஒரு பில்லுக்கு இரண்டு கோடுகள் ஓடின. அசல் பில் கேட் வழியாகப் பராமரிப்புப் பிரிவுக்குப் போய் அங்கே 23 நாள் கிடந்திருந்தது. அதே பில்லின் ஸ்கேன் காப்பி மெயிலில் பர்ச்சேஸுக்கு வந்து, அங்கிருந்து நாலே நாளில் அக்கவுண்ட்ஸ் போய்ப் பணமாகிவிட்டது. பிறகு அசல் வந்து சேர்ந்தது. அதற்கும் பணம்.

இப்போதுதான் ‘ஏன்’ கேட்கத் தொடங்கினேன். தொடக்கத்திலேயே அது இரண்டாகக் கிளைத்தது. ஒன்று, பில் ஏன் இரண்டு வழியாக வந்தது? இன்னொன்று, சாஃப்ட்வேர் ஏன் தடுக்கவில்லை? ஒற்றைச் சங்கிலியாகக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு கிளை கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டாவது கிளை குட்டையானது. அந்த சாஃப்ட்வேர் பில் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒருவர் ‘247/24-25’ என்று ஏற்றினார், மற்றவர் ‘247’ என்று ஏற்றினார். அதற்கு இவை இரண்டு பில்கள். அச்சிட்டபடியேதான் ஏற்ற வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

முதல் கிளைதான் நீளம். ஸ்கேன் ஏன் வந்தது? பர்ச்சேஸே சப்ளையர்களுக்கு மெயில் போட்டுக் கேட்டிருந்தது. ஏன் கேட்டது? சிறு, குறு நிறுவனங்களுக்கு உரிய கெடுவுக்குள், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் தராவிட்டால் அந்தச் செலவைப் பணம் தந்த வருஷத்தில்தான் கழிக்க முடியும் என்று அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்திருந்தது. அசல் வரும்வரை காத்திருந்தால் கெடு தாண்டிவிடும் என்ற பயம். அசல் ஏன் தாமதம்? பராமரிப்பு மேலாளர் பில்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். ஏன் சேர்த்துவைக்கிறார்? வேலை முடிந்ததா என்று ஒவ்வொரு பில்லுக்கும் ஃபோர்மேனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஏன் விசாரிக்க வேண்டும்? பொருள் வந்தால் ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். என்ற வரவுச் சீட்டு போடுகிறார்கள். வேலை முடிந்தால் எங்கும் எதுவும் பதிவாவதில்லை. அவர் கையெழுத்து ஒன்றுதான் சாட்சி. அவசரத்துக்குப் பர்ச்சேஸின் மெயில் இன்னொரு சாட்சியாகிவிட்டது.

இங்கே நிறுத்தினேன். ஐந்து என்பது விரதக் கணக்கு இல்லை. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன பழைய உதாரணத்தைப் பாருங்கள்: இயந்திரம் நின்றது, ஃப்யூஸ் போனது, பேரிங்கில் எண்ணெய் இல்லை, எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்திருந்தது, வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு பதிலும் கழற்றிப் பார்க்கக்கூடிய பொருள். உங்கள் ‘மேலிடம் கண்டுகொள்வதில்லை’யைக் கழற்றிப் பார்க்க முடியாது. பதிலுக்கு ஒரு காகிதமோ பதிவோ காட்ட முடியவில்லை என்றால் அடுத்த ‘ஏன்’ கேட்காதீர்கள். ஆள் பற்றாக்குறை என்று சொன்னால், ஆள் முழுசாக இருந்த மாதங்களில் தவறு குறைந்ததா என்று பாருங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஊரில் “ஏன் செய்தீங்க?” என்றால் அது விசாரணை; எதிரில் இருப்பவர் உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். பராமரிப்பு மேலாளரிடம் நான் ‘ஏன்’ என்ற சொல்லையே எடுக்கவில்லை. “இந்த பில் வந்த அன்னிக்கு என்ன சார் நடந்துச்சு?” என்றேன். மேசை டிராயரைத் திறந்து பில் கட்டையே காட்டிவிட்டார்.

கிடைத்தது நிஜக் காரணம்தானா என்று எப்படித் தெரியும்? அது நிஜமானால் வேறெங்கே தவறு இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். அலுவலகக் கார் வாடகை பில்கள் நாங்கள் சோதிக்க எடுத்த பில்களில் இல்லை. அங்கும் வேலைப் பதிவு கிடையாது. தேடினோம், மூன்று கிடைத்தன. செக்யூரிட்டி ஒப்பந்தத்துக்கு மாதாமாதம் வருகைப் பதிவு கணினியில் ஏறுகிறது. அங்கே ஒன்றும் இல்லை.

ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் எந்த ஊழியரும் வரவில்லை. ‘சேவை வேலைகள் முடிந்ததற்குக் கணினியில் பதிவு இல்லை, அதனால் ஒரே வேலைக்கு இரண்டு வழிகளில் ஒப்புதல் பெற முடிகிறது’ என்று எழுதினோம். வேலை முடிந்த அன்றே ஃபோர்மேன் பதிவு போட வேண்டும், ஒரு பதிவின் மீது ஒரு பில்தான் ஏற வேண்டும் என்பது பரிந்துரை. பில் எண்ணை அச்சிட்டபடி ஏற்றி, சப்ளையர்கள் ஜி.எஸ்.டி.யில் காட்டிய பில்களின் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி.யோடு ஒப்பிடவும் சொன்னோம். ஆனால் அது பாதித் தடுப்புதான்: ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன வெல்டர், பெயின்டரின் பில் அதில் வராது.

நிதி மேலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபோர்மேனுக்குக் கணினி தெரியாது, இன்னொரு பயிற்சி வைத்துவிடலாமே என்றார். அந்த நாலு பத்தித் தாளை அவர் மேசையில் விரித்து, 23 நாள் என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பராமரிப்பு மேலாளரைப் போனில் கூப்பிட்டார்.