முதல் உறுப்பு மட்டும் பொருந்தினால் போதுமா?

“5, 8, 11, 14… இதன் n-ஆவது உறுப்பு n + 4 என்று எழுதினேன். n = 1 போட்டால் 5 வருகிறது. ஏன் தவறு?”

n = 2 போட்டுப் பாருங்கள். 6 வரும், ஆனால் வரிசையில் இருப்பது 8. n = 1-இல் 5 தரும் சூத்திரங்கள் எத்தனையோ உண்டு: 5n, 3n + 2, n² + 4. முதல் உறுப்பு இவற்றைப் பிரித்துக் காட்டாது.

n + 4-இல் n ஒன்று கூடினால் விடையும் ஒன்றுதான் கூடும். உங்கள் வரிசையோ ஒவ்வொரு முறையும் 3 கூடுகிறது. அதனால் 3n-இல் தொடங்குங்கள். அது 3, 6, 9, 12 என்று போகும்; எல்லா இடத்திலும் 2 குறைகிறது. ஆக, 3n + 2.

சரி, இரண்டு உறுப்புகள் பார்த்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. n² + 4-ஐ எடுங்கள்: 5, 8 இரண்டும் சரியாக வந்துவிடும், மூன்றாவதில் 13 வந்து காட்டிக்கொடுக்கும். நான் எப்போதும் கடைசியாகக் கொடுத்த உறுப்பைத்தான் முதலில் சோதிப்பேன். இங்கே n = 4: 3 × 4 + 2 = 14. n + 4 என்றால் 8. தவறு உடனே தெரிந்துவிடும். அப்புறம் நடுவில் உள்ளவற்றையும் போட்டுப் பாருங்கள்.