தாத்தா எதற்குக் கோபப்படுவார்?

கேள்வி: தாத்தா ஆரம்பித்த தொழில், அப்பா நடத்துகிறார், நான் இப்போது ஆன்லைனில் விற்கப் பார்க்கிறேன். வெப்சைட்டில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் குடும்பக் கதையை எவ்வளவு எழுதலாம்? பழம்பெருமை பேசினால் பழைய கடை என்று நினைத்துவிட மாட்டார்களா?

என்ன தொழில் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். எங்களுக்குச் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை. தாத்தா, அப்பா, இப்போது நான். ஆலையிலிருந்து மூட்டையாகப் போய்க்கொண்டிருந்த ஜவ்வரிசியை அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாக நேரடியாக வீடுகளுக்கு விற்க ஆரம்பித்தபோது அந்த ஒரு பக்கத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டும் தப்பு. உங்களுக்கு உதவுமோ என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் முறை நான் எழுதவே இல்லை. வெப்சைட் செய்து கொடுத்த நிறுவனமே எழுதியது. ‘பாரம்பரியம், தரம், நம்பிக்கை ஆகியவற்றின் சங்கமம்’ என்று ஆரம்பித்து ஒரு பத்தி. அதற்கு மேலே ஒரு பனை மரத் தோப்பின் படம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன மரம்மா? நம்ம ஊர்ல இது எங்க இருக்கு?” என்று கேட்டார். ‘சேகோ’ என்று தேடினால் சேகோ பனை வருகிறது, அதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் மலேயா பக்கமிருந்து வந்த ஜவ்வரிசி அந்தப் பனையின் மாவில் செய்தது. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றபோதுதான் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். அதாவது சேலத்தில் இந்தத் தொழிலே அந்தப் பனை வராமல் போனதால் பிறந்தது. எங்கள் பக்கத்தின் உச்சியில் அதே பனை நின்றுகொண்டிருந்தது. அன்றே எடுக்கச் சொன்னேன்.

இரண்டாம் முறை நானே எழுதினேன். வருட வாரியாக: தாத்தா தொடங்கினார், அப்பா விரிவாக்கினார், நான் நவீனமாக்கினேன். அதில் மூன்று சிக்கல் வந்தது.

ஒன்று, வருடம். ஆலை வாசல் போர்டில் ‘1962 முதல்’ என்று இருக்கிறது. அதை அப்படியே எழுதினேன். அப்புறம் அப்பாயியின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தால், தாத்தா பெயரில் இருக்கும் மிகப் பழைய காகிதம் 1967-ல் மின் இணைப்புக்குப் பணம் கட்டிய ரசீது. அப்பாவிடம் கேட்டேன். 1962-ல் தாத்தா வேறொருவருடைய ஆலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினாராம். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இப்போது பக்கத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். ரசீதின் படமும் இருக்கிறது, முகவரியை மட்டும் மறைத்துவிட்டேன்.

இரண்டு, சித்தப்பா. பதினோரு வருடம் அப்பாவோடு ஆலையில் இருந்தவர், பிறகு பாகம் பிரித்துக்கொண்டு போனார். சுருக்கமாக இருக்கட்டும் என்று அவரை விட்டுவிட்டேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து, “நான் அங்க வேலை செஞ்சதே இல்லையாண்ணே?” என்று மட்டும் கேட்டாராம். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ‘குடும்ப விஷயத்தை வாடிக்கையாளருக்கு ஏன் சொல்ல வேண்டும்’ என்று சிலர் கேட்பீர்கள். சண்டையைச் சொல்ல வேண்டாம். உழைத்தவர் பெயரைச் சொல்லலாமே. மூன்று தலைமுறை என்று எழுதுகிறவர்கள் மூன்று பேரை மட்டும் எழுதினால் பெரும்பாலும் யாரோ விடுபட்டிருப்பார்கள். பக்கத்தை ஏற்றுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிடுங்கள்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். ‘மூன்று தலைமுறையாக மாறாத பாரம்பரிய முறையில்’ என்று எழுதியிருந்தேன். அது பொய். தாத்தா காலத்தில் ஈர மாவைத் துணியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டுவார்கள். மாவு உருண்டு உருண்டு முத்தாகும். இன்று அதை மோட்டார் செய்கிறது. தோல் உரிப்பதும் மிஷின்தான். பொய் என்பதோடு சட்டச் சிக்கலும் உண்டு. உணவுப் பொருள் விளம்பரங்களுக்காக உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் கொண்டுவந்த விதிமுறையில் ‘பாரம்பரிய’, ‘இயற்கையான’, ‘சுத்தமான’ போன்ற சொற்களுக்குத் தனித்தனியே நிபந்தனை இருக்கிறது. செய்முறையைப் பாரம்பரியம் என்று சொல்ல வேண்டுமானால் அது தலைமுறைகளாக இருந்துவருவதாகவும், சேர்மானமும் முறையும் பெரிதாக மாறாததாகவும் இருக்க வேண்டும். மோட்டார் வைத்த நாங்கள் அதைச் சொல்ல முடியாது. புவிசார் குறியீடும் அப்படித்தான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் கிடைத்துவிட்டது, எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்த முத்திரையைப் போட ஒவ்வொருவரும் பயனராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதுவரை அதை எங்கள் பாக்கெட்டிலோ பக்கத்திலோ போடக் கூடாது என்று விட்டிருக்கிறேன்.

சரி, பாரம்பரியம் என்று சொல்ல முடியாது என்றால் என்னதான் மிச்சம்? இந்த இடத்தில் ஒரு மாதம் நின்றுவிட்டேன்.

வழி கிடைத்தது வாடிக்கையாளர்களிடமிருந்து. போனில் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். திரும்பத் திரும்ப வந்தது ஒன்றே ஒன்று: “கடையில் வாங்குவது பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. உங்களுடையது ஏன் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது? பழைய சரக்கா?” பழையது என்று நினைத்துவிடுவார்களோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எங்களை நிஜமாகவே அப்படி நினைத்தார்கள்.

மரவள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். மண்ணிலிருந்து பிடுங்கி ஒன்றிரண்டு நாளிலேயே உள்ளே நீலக் கறுப்பாகக் கோடு ஓட ஆரம்பிக்கும். குறுக்கே வெட்டினால் கண்ணுக்கே தெரியும். அப்படிப்பட்ட கிழங்கை அரைத்தால் மாவில் நிறம் இறங்கும். தோல் சரியாகப் போகாவிட்டாலும் அப்படித்தான். அரைத்த கிழங்கின் மாவுப் பாலைத் தொட்டியில் தெளிய விடும்போது நல்ல தண்ணீரும் போதிய நேரமும் கொடுக்காவிட்டாலும் அதே கதைதான். இதையெல்லாம் சரியாகச் செய்தால் மாவு தானாகவே வெளுப்பாக வரும், ஆனால் காகிதம் போல் வராது. காகித வெள்ளை வேண்டுமென்றால் ப்ளீச் போடுவதுதான் குறுக்கு வழி. நாங்கள் போடுவதில்லை.

இதை அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன்: “தாத்தா எதுக்குப்பா ரொம்பக் கோபப்படுவார்?” யோசிக்கவே இல்லை. “கிழங்கு லோடு லேட்டா வந்தா.” காலையில் பிடுங்கிய கிழங்கு அன்று சாயங்காலத்துக்குள் தொட்டியில் பாலாக இறங்கிவிட வேண்டுமாம். நேற்றைய கிழங்கு என்று தெரிந்தால் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டி, கோட்டைக் காட்டி, வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். ஒரு முறை சொந்த மைத்துனன் வண்டியையே அனுப்பியிருக்கிறார். அப்பாவும் இன்றுவரை லோடு வந்ததும் ஒரு கிழங்கை வெட்டிப் பார்க்காமல் எடை போட விடுவதில்லை. நானும் அதைத்தான் செய்கிறேன், தினமும் பார்ப்பதால் அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அதுதான் மூன்றாவது பக்கம் ஆனது. மேலே படம்: அப்பா கையில் குறுக்கே வெட்டிய கிழங்கு. முதல் வரி இப்படி: ‘கிழங்கு லாரி வந்ததும் எங்கள் ஆலையில் முதலில் எடுப்பது தராசை அல்ல, கத்தியை.’ அதன் பிறகு தாத்தா திருப்பி அனுப்பிய வண்டி, நாலு வரி. அப்பாவும் சித்தப்பாவும் மிஷின் போட்டது, ஏன் போட்டார்கள் என்ற காரணத்தோடு: துணி ஆட்ட ஆள் கிடைக்கவில்லை, மாவு காத்திருந்தால் புளிக்கும். மாறியதை மறைக்கவில்லை, அதனால் யாரும் எங்களைக் குறைவாக நினைத்ததாகத் தெரியவில்லை. அடுத்து நான்: பாக்கெட்டில் தயாரித்த தேதி, மாவு ஜவ்வரிசியா நைலான் ஜவ்வரிசியா என்று பெரிய எழுத்தில், கிச்சடிக்கு எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், விரலால் நசுக்கினால் மசிய வேண்டும் என்ற குறிப்பு. கடைசியில் ‘எங்கள் ஜவ்வரிசி ஏன் பளீர் வெள்ளையாக இல்லை’ என்று ஒரு பத்தி, அதன் கீழேயே வாங்கும் பொத்தான். எல்லாம் சேர்த்து போனில் மூன்று முறை தள்ளினால் முடிந்துவிடும் நீளம்தான்.

அதாவது தாத்தாவின் கோபமும் என் பாக்கெட்டும் ஒரே காரணத்தில் வந்து சேர்ந்தன. மங்கலாக இருக்கிறதே என்று கேட்டவர்கள் இப்போதும் கேட்கிறார்கள், ஆனால் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் பழைய சரக்கா என்று கேட்பதில்லை. விற்பனை ஏறியது இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பண்டிகை, விரத நாள் என்று அதற்கு வேறு நூறு காரணம் உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்து ஜவ்வரிசி 90 கிலோ மூட்டையாக மகாராஷ்டிரா, குஜராத் என்று போகிறது. அங்கே சின்னப் பாக்கெட்டில் அடைத்து, சாபுதானா என்று அழகாக அச்சடித்து விற்கிறார்கள். நான் பார்த்த எத்தனையோ பாக்கெட்டில் சேலம் என்ற ஒரு சொல் இல்லை. வெயிலில் களத்தில் ஜவ்வரிசியைக் கிளறிவிடும் பெண்களின் பாதத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். நான் பாக்கெட் போட ஆரம்பித்ததற்கே பாதிக் காரணம் அதுதான்.

உங்கள் தொழில் ஜவுளியாக இருக்கலாம், வெள்ளிக் கொலுசாக இருக்கலாம், ஏற்காட்டில் காப்பியாக இருக்கலாம். நான் செய்ததை அப்படியே செய்யச் சொல்லவில்லை. எழுத உட்காருவதற்கு முன்னால் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள். வாடிக்கையாளர்கள் சந்தேகமாகக் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் எழுதி வையுங்கள். அப்புறம் அப்பா சாப்பிட்டு முடித்து ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு ராத்திரியில், தாத்தா எதற்குக் கோபப்படுவார் என்று கேளுங்கள். போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் அப்பா அந்தக் கதையை இரண்டாம் தடவை சொன்னபோது மைத்துனன் வண்டியை விட்டுவிட்டார்.