மாவு இரண்டு மடங்காக எத்தனை மணி நேரம், மூன்று மடங்காக எத்தனை?

“பக்கங்கள் நேராக உள்ள டப்பாவில் 10 செ.மீ. உயரத்துக்கு இட்லி மாவு வைத்தேன். முதல் 2 மணி நேரம் அசையவே இல்லை. 6 மணி நேரம் ஆனபோது 15 செ.மீ. இருந்தது. எப்போது இரண்டு மடங்காகும்? மூன்று மடங்காக எவ்வளவு நேரம் ஆகும்?”

சூடு மாறாமல் இருந்தால், வைத்த நேரத்திலிருந்து சுமார் 8 மணி 50 நிமிடத்தில் 20 செ.மீ.; 12 மணி 50 நிமிடத்தில் 30 செ.மீ.

மணிக்கு ஒன்றேகால் செ.மீ. என்று நேர்க்கணக்குப் போட்டால் 10 மணி நேரம், 18 மணி நேரம் என்று வரும். அது பொருந்தாது. மாவில் பெருகும் நுண்ணுயிரிகள்தான் வாயுவை உண்டாக்குகின்றன. அவை கூடக் கூட வாயு உண்டாகும் வேகமும் கூடுகிறது. அதனால் ஏற்கெனவே இருக்கும் உயரத்தைப் போல எத்தனை மடங்கு ஆனது என்றுதான் பார்க்க வேண்டும். முதல் 2 மணி நேரம் அவை பெருகத் தொடங்க எடுத்துக்கொண்ட நேரம். அதைத் தனியே வைத்துவிடுங்கள். மீதி 4 மணி நேரத்தில் 10 செ.மீ. 15 ஆகியிருக்கிறது, அதாவது ஒன்றரை மடங்கு. இரட்டிப்பு நேரம்:

```
4 × log 2 / log 1.5 = 6.84
```

அது சுமார் 6 மணி 50 நிமிடம். ஆரம்ப 2 மணி நேரத்தைச் சேர்த்தால் மேலே சொன்ன விடை.

மூன்று மடங்குக்குப் புதிதாகக் கணக்கே வேண்டாம். 20 செ.மீ. 30 ஆவதும் ஒன்றரை மடங்குதான். 10 செ.மீ. 15 ஆக 4 மணி நேரம் ஆனது என்றால் இதற்கும் அதே 4 மணி நேரம். இன்னொரு இரட்டிப்பு நேரம் முழுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் மாவு நான்கு மடங்கைத் தொட வேண்டும். பொதுவாகச் சொன்னால், ஆரம்ப 2 மணி நேரத்தைச் சேர்க்காமல் பார்த்தால் மூன்று மடங்காகும் நேரம் இரட்டிப்பு நேரத்தைப் போல 1.585 மடங்கு. குளிரில் இரண்டு நேரங்களுமே நீளும், இந்த விகிதம் மட்டும் மாறாது.

ஆனால் எல்லா மாவும் மூன்று மடங்கை எட்டாது. உளுந்தின் பசைத்தன்மைதான் வாயுக் குமிழிகளைப் பிடித்துவைக்கிறது. உளுந்து குறைந்தாலோ தண்ணீர் கூடினாலோ வாயு வெளியேறிவிடும். புளிப்பு ஏறஏற நுண்ணுயிரிகளின் வேகமும் தணியும். ஆகவே 10-வது மணி நேரத்தில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். கணக்குப்படி 22.5 செ.மீ. இருக்க வேண்டும். 20-ஐ ஒட்டியே நின்றால் வேகம் குறைந்துவிட்டது, 30-க்காகக் காத்திருக்க வேண்டாம். நடுப்பகுதி குழிந்து, டப்பாவின் பக்கத்தில் மாவு இறங்கிய தடம் தெரிந்தால் உச்சத்தைத் தாண்டிவிட்டது. இடையில் கிளறிவிடக் கூடாது. கிளறினால் வாயு போய், அளவு எதற்கும் உதவாது.

இட்லி ஊற்ற இரண்டு மடங்கே தாராளம் என்பது என் கருத்து. மூன்று மடங்கு வரை விடுவதானால் டப்பா 30 செ.மீ.க்கு மேல் உயரமாக இருக்கட்டும்.