லைன் வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்கிறார்கள், சர்வீஸையும் குறைத்துவிட்டார்கள்

கேள்வி: என் அம்மா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 1993 ஜூன் முதல் 2024 மார்ச் வரை கொழுந்து எடுத்தார். கடைசி நாள் கூலி 430 ரூபாய். 24 வருட சர்வீஸ்தான் வருகிறது, அதுவும் வீட்டைக் காலி செய்தால்தான் தருவோம் என்கிறார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியிலும் இனி மருந்து இல்லையாம். தம்பி அதே எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. என்ன செய்வது?

பதில்:

என் தந்தையும் தோட்டத் தொழிலாளிதான். அவர் ஓய்வு பெற்றபோது இதே இரண்டு வாதங்களையும் எங்களிடமும் சொன்னார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதலில் சர்வீஸ் கணக்கைச் சரிசெய்ய வேண்டும்; வீட்டுப் பேச்சு அதற்குப் பின்னால்தான்.

அம்மா ஓய்வு பெற்றபோது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிச் சட்டப்படி நாள் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் கூலி சேர வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு உள்ளதுபோல் 26-ஆல் வகுக்கும் கணக்கு இங்கே கிடையாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதிக் காலம் முழு ஆண்டாகிவிடும். உங்கள் அம்மாவின் சர்வீஸ் 30 ஆண்டு 10 மாதம். ஆகவே 31 ஆண்டு. 15-ஐ 430-ஆலும் 31-ஆலும் பெருக்கினால் 1,99,950 ரூபாய். நிர்வாகத்தின் கணக்குப்படி 24 ஆண்டுக்கு 1,54,800 ரூபாய்தான். இடையில் காணாமல் போவது 45,150 ரூபாய்.

அந்த ஏழு ஆண்டுகள் எங்கே போயின? வருகைப் பதிவேடான செக்ரோலில் 240 நாள் பேர் விழாத வருடங்களை ஆபீஸில் அப்படியே அடித்துவிடுவது வழக்கம். ஆனால் சட்டம் முதலில் கேட்பது 240 நாளை அல்ல, வேலைத் தொடர்ச்சி அறுந்ததா என்பதைத்தான். நோய், விபத்து, விடுப்பு, நிர்வாகமே வேலை கொடுக்காமல் நிறுத்திவைத்த நாட்கள் ஆகியவற்றால் தொடர்ச்சி அறுவதில்லை. சொல்லாமல் வராத நாட்களால்கூட அது தானாக அறுந்துவிடாது. எஸ்டேட்டின் வேலை விதிகளான நிலையாணைகளின்படி, இந்த வராமையைப் பணி முறிவாகக் கருதுகிறோம் என்று நிர்வாகம் அப்போதே உத்தரவு போட்டிருக்க வேண்டும். அப்படி எந்த உத்தரவும் இல்லாமல், முப்பது வருடம் கழித்துக் கணக்கெழுதும்போது அந்த வருடங்களைக் கழிக்க முடியாது. 240 நாள் என்பது, தொடர்ச்சி அறுந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அந்த ஆண்டைக் காப்பாற்றத் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட இரண்டாவது வழி. ஆபீஸ்காரர்கள் அதைத் தொழிலாளிக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார்கள்.

அந்த 240-ஐ நிரூபிக்க வேண்டி வந்தாலும் கையில் சில சான்றுகள் இருக்கக்கூடும். தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951-இன்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு.  ஆகவே ஒரு வருடத்துக்கு 13 நாள் விடுப்புச் சம்பளம் கொடுத்திருந்தால், அந்த வருடம் 240 நாளுக்கு மேல் வேலை நடந்ததை நிர்வாகமே ஒப்புக்கொண்டதாகிறது. என் தந்தை சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வருடவாரியாக நூல் கட்டி வைத்திருந்தார். நிர்வாகம் கழித்திருந்த நான்கு வருடங்களில் மூன்றை அந்த விடுப்புச் சம்பளச் சீட்டுகளே மீட்டுக் கொடுத்தன.

ஓய்வு நாளும் இங்கே உள்ளே வருகிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயம். தொழிலாளி சம்மதித்து ஓய்வு நாளில் வேலை செய்தாலும், ஒரு முழு ஓய்வு நாள்கூட இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அதே சட்டம். கொழுந்து மலிந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு ஏறினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்கள் செக்ரோலில் ஏறாமல் தனி நோட்டில் எழுதப்படுவதுண்டு. தந்தையின் சீட்டு ஒன்றில் ஞாயிறுகளின் கிலோ மட்டும் பென்சிலில் ஓரமாகக் குறிக்கப்பட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சம்பளத்தோடு கூடிய பண்டிகை விடுமுறைகளும் வேலை நாட்களாகவே எண்ணப்பட வேண்டும். தொழில் தகராறுச் சட்டத்தின் 240 நாள் கணக்கைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1985-இல் சொன்ன தீர்ப்பு இதற்குத் துணை நிற்கும். அம்மா நோயில் படுத்த வருடங்கள் இருந்தால், எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடி எடுங்கள்.

இனி வீடு. அது வேலையோடு வந்த வீடு என்பதால், ஓய்வுக்குப் பின் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் உரிமை அம்மாவுக்கு இல்லை. இதில் உங்களுக்கு ஆறுதலாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் தம்பி தொழிலாளி. நிர்வாகம் வீடும் மருத்துவமும் தர வேண்டியது தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும். அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் சட்டத்தின் விளக்கப்படி அந்தக் குடும்பத்தில் அடக்கம். எனவே வீட்டைத் தம்பி பெயருக்கு ஒதுக்கக் கோரி அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். அதே கடிதத்தில் அம்மாவைத் தன்னைச் சார்ந்தவராகப் பதியவும் கேட்க வேண்டும். மருந்து மறுக்கப்பட்டதற்கான விடையும் இதுவே: ஓய்வு பெற்றவராக அல்ல, தம்பியின் தாயாக அவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார். 2025 நவம்பர் 21 முதல் பழைய தோட்டச் சட்டத்தின் இடத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன என்று ஆபீஸில் சொல்லலாம். அவற்றிலும் வீடும் மருத்துவமும் தொழிலாளியின் குடும்பத்துக்கு உண்டு, மருத்துவத்தை ஈ.எஸ்.ஐ. வழியாகத் தரவும் இடம் இருக்கிறது.

வீட்டைக் காலி செய்யாததற்காகப் பணிக்கொடை முழுவதையும் பிடித்துவைக்க அந்த 1972 சட்டத்தில் இடமில்லை. சொத்துச் சேதம், வன்முறை போன்ற செயல்களுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்குத்தான் அதில் பறிமுதல் உண்டு. எனினும், ஓய்வுக்குப் பின் குடியிருப்பில் தங்கியவரிடம் தண்ட வாடகையைக் கழிப்பதை 2020-இல் ஒரு பொதுத்துறை எஃகு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நிர்வாகத்தின் வக்கீல் அதைக் காட்டக்கூடும். வாடகைக் கழிவு வேறு, முழுத்தொகையைத் தராமல் வைத்திருப்பது வேறு. ஆனாலும் வீட்டை இன்றே தம்பி பெயருக்குக் கேட்டு வைப்பது அந்த வாதத்தின் வேரையே அறுத்துவிடும்.

அம்மா 'I' படிவத்தில் விண்ணப்பம் கொடுத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாமதம் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. நிர்வாகம் மறுத்தாலும், குறைத்துக் கொடுத்தாலும், பேசாமலே இருந்தாலும், தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'N' படிவத்தில் மனுச் செய்ய வேண்டும். இதற்குக் கெடு 90 நாள். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை அவர் மன்னிக்கலாம். வீட்டைக் காலி செய்தால் தருகிறோம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்த கடிதம் ஏதாவது இருந்தால், அந்தக் காரணம் அதிலேயே இருக்கிறது. வாய்வார்த்தையாகச் சொன்னதென்றால், எழுத்தில் பதில் கேட்டு இப்போதே ஒரு கடிதம் போடுங்கள்.

பணிக்கொடை சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்கப்படாவிட்டால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி சேரும். உங்கள் தொகைக்கு அது வருடத்துக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய். மனுவில் இதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்கத் தவறாதீர்கள். சமரசம் என்று ஆபீஸில் ஒரு தாளை நீட்டினால், வட்டியும் அந்த ஏழு வருடங்களும் அதில் எங்கே இருக்கின்றன என்று பார்த்த பிறகே அம்மா கைநாட்டோ கையெழுத்தோ வைக்கட்டும்.