பாம்பைவிட முக்கியமானது

வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது, யூகேஜி படிக்கிறாள். ஒரு மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது விடியற்காலையில் அழுதுகொண்டே எழுந்து "பாம்பு வந்துச்சு" என்கிறாள். பாம்பெல்லாம் இல்லை, தூங்கு என்றால் இன்னும் அதிகமாக அழுகிறாள். மாமியார் கனவு பலன் பார்த்துவிட்டு ராகு கேது பரிகாரம் செய்யச் சொல்கிறார். கணவர் டிவியை நிறுத்தினால் போதும் என்கிறார். அவள் உண்மையில் எதற்குப் பயப்படுகிறாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

விடியற்காலை என்று குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று. கெட்ட கனவு பெரும்பாலும் இரவின் பிற்பாதியில்தான் வரும். குழந்தை நன்றாக விழித்துக்கொள்ளும், உங்களைக் கட்டிக்கொள்ளும், என்ன கண்டது என்று சொல்லும். தூங்கிய ஓரிரு மணி நேரத்திலேயே அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் அம்மாவை அடையாளம் தெரியாமல் திமிறி, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது வேறு விஷயம். அதைப் பற்றிக் குழந்தையிடம் கேட்டுப் பயனில்லை. எழுப்பாமல், கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உங்கள் மகளுடையது கனவுதான். ஆனால் பாம்புக்குப் பொருள் தேடாதீர்கள். இந்த வயதுக் குழந்தைகளின் கனவில் விலங்குகள் சாதாரணமாகவே நிறைய வரும். விலங்கைவிட, அதைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கும் உங்கள் மகள் வயதுதான். பாத்ரூமில் புலி நிற்கிறது என்று அழுவான். அவனுடைய அப்பா ராத்திரியில் டார்ச் அடித்துத் தேடிக் காட்டியிருக்கிறார். அதனால் பயம் கூடத்தான் செய்தது. தேடுகிறார் என்றால் இருக்கக்கூடும் என்றுதானே அர்த்தம்? அப்புறம் புலி வரும் கார்ட்டூனை நிறுத்தினார்கள். புலி போய் நாய் வந்தது, அழுகை அப்படியே இருந்தது.

பகலில் அவனை வரையச் சொன்னோம். புலியைச் சின்னதாக ஒரு மூலையில் போட்டுவிட்டு, கதவைத் தாள் முழுக்க வரைந்தான். "நீ எங்கே இருக்கே?" என்றேன். கதவுக்கு உள்ளே. "அப்புறம்?" கதவு திறக்கவில்லை. "அப்போ என்ன பண்ணினே?" மிஸ்ஸைக் கூப்பிட்டானாம், யாரும் வரவில்லை. புலி நாயாக மாறியபோதும் கதவும் மிஸ்ஸும் மாறவே இல்லை. இப்படி விலங்கு மாறியும் மாறாமல் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். பெரும்பாலும் கவலை அதில்தான் இருக்கும்.

கனவை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. பகலில் ஏதாவது ஒத்துப்போக வேண்டும். அம்மாவிடம் விசாரித்தபோது, தண்ணீர் பாட்டில் தினமும் நிரம்பியபடியே திரும்பி வருகிறது என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவானாம். பள்ளியில் போய்ப் பார்த்தால், கழிவறைத் தாழ்ப்பாள் பெரியவர்களே தள்ள வேண்டிய அளவுக்கு இறுகியிருந்தது. உள்ளே ஒருமுறை மாட்டிக்கொண்டிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை.

நீங்களும் இதேபோல் கேளுங்கள். ராத்திரியில் விசாரணை வேண்டாம். "கனவுல வந்துச்சா, பயந்துட்டியா, நான் இங்கேயே இருக்கேன்" என்றால் போதும். 'இல்லை' என்று மறுத்தால், அவள் கண்டதை நீங்கள் நம்பவில்லை என்றுதான் அவளுக்குப் படும். பாட்டி விபூதி பூசிவிட்டால் பூசட்டும், அந்தக் கை ஆறுதல்தான். தூங்காவிட்டால் பாம்பு வரும் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

மறுநாள் பகலில், விளையாட்டோடு விளையாட்டாகக் கனவை வரையச் சொல்லி, நீ எங்கே நின்றாய், கூட யார் இருந்தார்கள், அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். "ஸ்கூல்ல மிஸ் அடிச்சாங்களா?" என்று நீங்களாக ஒரு பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக் குழந்தை உங்களைத் திருப்திப்படுத்த ஆமாம் என்றுவிடும், பிறகு அதையே நம்பவும் செய்யும்.

வரைந்து முடித்ததும், இதை எப்படி மாற்றலாம் என்று அவளையே கேளுங்கள். அந்தப் பையன் புலியைக் கொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்து, வெளியே ஆயாம்மாவை நிற்க வைத்து வரைந்தான். பள்ளியிலும் அதையே செய்யச் சொன்னோம், தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் போட்டார்கள். கனவு உடனே நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி சரி. காய்ச்சல், நேரம் தவறிய தூக்கம், படுக்கும் முன் பார்த்த பயங்கரக் காட்சி, இவற்றால் மட்டுமே கெட்ட கனவு வரலாம். அப்போது பின்னால் கவலை எதுவும் இருக்காது, தோண்டித் துருவ வேண்டாம்.

ஆனால் விபத்து போல உண்மையில் நடந்த ஒன்று அப்படியே திரும்பத் திரும்பக் கனவில் வந்தால், தூங்கப் போகவே மறுத்தால், பகலிலும் குறிப்பிட்ட ஒரு ஆளையோ இடத்தையோ கண்டு ஒடுங்கினால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் உடல் விறைத்தாலோ, மூச்சு திணறினாலோ முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் அதை மொபைலில் வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள்.