ஊரில் மாமனார் இறந்துவிட்டார். 5 வயது மகளும் எங்களோடு வருகிறாள். அங்கே பார்க்கப்போவதை முன்கூட்டியே அவளுக்கு எப்படிச் சொல்வது?

போகிற வழியிலேயே சொல்லிவிடுங்கள். "தாத்தா தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் அப்பா இறந்தபோது என் மகனுக்கும் 5 வயது. பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் அவனிடம் அப்படிச் சொன்னார். அன்று ராத்திரி பஸ்ஸில் நான் கண்ணசந்தபோதெல்லாம் என் இமையை விரலால் பிரித்துப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. மடியில் உட்காரவைத்துச் சொன்னேன்: "தாத்தா செத்துப்போயிட்டாருடா. நெஞ்சு துடிக்கறது நின்னுடுச்சு. இனி மூச்சு விடமாட்டார், வலிக்காது, எழுந்திருக்க மாட்டார்."

பிறகு, அவன் வாசலில் இருந்து நடந்து போவது போலவே வரிசையாகச் சொன்னேன். பந்தல், பறைச் சத்தம், சங்கு, நடுவீட்டில் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி. "குளிராதா?" என்றான். செத்தவங்களுக்குக் குளிர் தெரியாது என்றேன். விடிவதற்குள் மூன்று முறை அதையே கேட்டான். மூன்று முறையும் அதே வார்த்தைகளில் சொன்னேன். இந்த வயதில் ஒரே தடவையில் பிடிபடாது.

முகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சேர்த்துத் தலையில் துணிக்கட்டு, கால் பெருவிரல்களிலும் கட்டு. காரணம் தெரியாத பிள்ளை, தாத்தாவுக்கு அடிபட்டிருக்கிறது, கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கும். வாய் திறந்துகொள்ளாமலும் கால் விலகாமலும் இருக்கத்தான் கட்டு என்று சொன்னதும் அவன் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஒப்பாரியைவிட, பெற்றவர்கள் அழுவதுதான் பிள்ளையை அதிகம் பயமுறுத்தும். "அம்மா சத்தம் போட்டு அழுவேன். உன்மேல கோபமில்ல. அழுது முடிச்சதும் உங்கிட்ட வருவேன்" என்றேன். அதுவரை அவனைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனாரிடம் சொல்லியிருந்தேன். அவர் அழுகிற இடத்தில் இல்லை. வேண்டும்போது வெளியே அழைத்துப் போக முடியும். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

உங்கள் பக்கம் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் வழக்கம் இருந்தால், பிடிக்கிறாயா என்று மகளிடம் இன்றே கேட்டு வையுங்கள். பஸ்ஸில் சரி என்ற என் மகன், பந்தம் பற்றியதும் பின்வாங்கினான். பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். "விடுங்க மாமா, அவன் வேண்டாங்கறான்" என்றேன். அண்ணன் பிள்ளைகள் மட்டும் பிடித்தார்கள்.

நான் விட்டது ஒன்றுதான்: குளிப்பாட்டுவது. நாலு பேர் தாத்தாவைத் தூக்கி வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றியதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. பல வாரம் அதைப் பற்றியேதான் பேசினான். நீங்கள் சொல்லிவிடுங்கள், அல்லது அந்த நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள்.

சுடுகாட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டால், எரிப்பார்கள், தாத்தாவுக்கு வலிக்காது என்று சொன்னால் போதும்.

வீடு திரும்பியபின் செருப்பு டப்பாவில் கரடி பொம்மையைக் கிடத்தி, தாடையில் கைக்குட்டை கட்டி விளையாடினான். தடுக்காதீர்கள். கரடியின் நெற்றிக்கு ஒரு ரூபாய் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.