கோணத்தை எந்த இடத்தில் பார்ப்பது?

கிளிநொச்சி மாணவி: சேர், படத்தில் a, b என்று இரண்டு காவிகள். a இன் நீளம் 6, b இன் நீளம் 4. முக்கோணத்துக்குள் 120° என்று இருக்கிறது. புள்ளிப்பெருக்கம் −12 என்று எடுத்தேன். விடைப்பகுதியில் 12. அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை, பிள்ளை. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் b இன் வால், a இன் அம்புத்தலையில் தொடங்குகிறது. கூட்டுவதற்கு அப்படித்தான் வரைய வேண்டும். ஆனால் புள்ளிப்பெருக்கத்துக்கு வேண்டிய கோணம், இரண்டு வால்களும் ஒரே புள்ளியில் இருக்கும்போது தெரியும் கோணம். பென்சிலால் a ஐ அதே கோட்டில் முன்னால் நீட்டுங்கள். அந்த நீட்சிக்கும் b க்கும் இடையே 60° இருக்கும். 6 × 4 × cos 60° = 12.

உங்கள் −12 பிழை என்பதைப் படமே காட்டும். அதை வைத்தால், a ஐயும் b ஐயும் கூட்டி வரும் விளையுளின் நீளத்தின் வர்க்கம் 36 + 16 + 2 × (−12) = 28, நீளம் ஏறக்குறைய 5.3. ஆனால் விளையுள், 120° க்கு எதிரே உள்ள பக்கம். முக்கோணத்தில் அதுதான் நீளமானது. 6 ஐ விடக் குறையவே முடியாது. 12 ஐ வைத்தால் 76 வரும், நீளம் 8.7.

மாங்குளம் மாணவன்: சேர், முக்கோணம் என்றால் எப்போதும் −2ab cos θ தானே? கூட்டல் குறி போட்டால் பிழை.

பாதி சரி, தம்பி. முக்கோணத்தின் உட்கோணத்தைப் போடும்போது மட்டும் கழித்தல். அதே கணக்கில் 52 − 48 cos 120° என்று எழுதுங்கள். அப்போதும் 76 தான். குறியை ஒரு முறையிலும் கோணத்தை மறுமுறையிலும் எடுத்தால்தான் கணக்குக் கெடுகிறது.

புதுக்குடியிருப்புத் தந்தை: மகள் அனுப்பிய படத்தில் பாகைமானி வைத்து அளந்தேன். செங்குத்து என்று சொல்லப்பட்ட இரண்டு அம்புகளுக்கு இடையே 75° தான் இருக்கிறது.

ஐயா, படத்தில் தாளின் மூலையையும் அளந்து பாருங்கள். அதுவும் 90° ஆக இராது. தொலைபேசியைச் சரித்துப் பிடித்து எடுத்திருக்கிறார். சரித்து எடுத்த படத்தில் கோணம் மாறிவிடும், கட்டங்களின் எண்ணிக்கை மாறாது. ஓர் அம்பு வலப்பக்கம் 3 கட்டம், மேலே 1. மற்றது இடப்பக்கம் 1, மேலே 3. எனவே 3 × (−1) + 1 × 3 = 0. செங்குத்துத்தான்.

முல்லைத்தீவு மீனவர்: கரைவலையின் இரண்டு கயிறுகளின் இழுவைகளையும் புள்ளிப்பெருக்கம் செய்தால், வலை எவ்வளவு இலகுவாக வரும் என்று தெரியுமா?

தெரியாது, அண்ணன். உங்களுக்கு வேண்டியது கூட்டல். இரு பக்கமும் சமமாக இழுத்தால், கயிறுகளுக்கிடையே 120° இருக்கும்போது ஒரு கயிற்றின் இழுவை அளவே மொத்தப் பலன். 60° ஆகும்போது ஏறக்குறைய 1.7 மடங்கு. புள்ளிப்பெருக்கம் வருவது, அந்த இழுவை வலையை நகர்த்திய தூரத்துக்கு எவ்வளவு வேலை செய்தது என்று கேட்கும்போதுதான். ஆனால் உங்கள் படத்தில் இரண்டு அம்புகளும் ஒரே நீளம். கரையில் இரு அணியும் உண்மையில் சமமாக இழுக்கின்றனவா?

முல்லைத்தீவு மீனவர்: இல்லை. நீரோட்டம் இருக்கும் நாளில் ஒரு பக்கம்தான் பாரம்.

அப்படியானால் அந்தப் பக்க அம்பை நீளமாக வரைந்து அனுப்புங்கள். எவ்வளவு நீளம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.